மாடி ஷேட் செயில் ஆறே நாளில் தொய்ந்துவிட்டது, டர்ன்பக்கிளில் திருக மரையும் மிச்சமில்லை

உடுமலை_மாடி
வணக்கம். எங்கள் வீடு உடுமலைப்பேட்டையில். மொட்டை மாடியில் அம்மா வடகம் காயப்போடவும் மாலையில் உட்காரவும் 5 மீட்டருக்கு 4 மீட்டர் ரெடிமேட் ஷேட் செயில் வாங்கி நானும் தம்பியும் கட்டினோம். நாலு மூலையிலும் எஸ்.எஸ். வளையம் வைத்துத் தைத்திருக்கிறது. இரண்டு மூலைகள் படிக்கட்டு அறைச் சுவரில், 8 அடி உயரத்தில் ஐ போல்ட். மற்ற இரண்டும் கைப்பிடிச்சுவரில் கிளாம்ப் போட்டு நிறுத்திய 2 அங்குல ஜி.ஐ. பைப், அவை தரையிலிருந்து 7 அடி. ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மீட்டர் 6 மி.மீ. ஸ்டீல் ரோப், இரண்டு யூ கிளிப், ஒரு 12 மி.மீ. கொக்கி டர்ன்பக்கிள்.

கட்டின அன்று மேளம் மாதிரி விறைப்பாக இருந்தது. மறுநாளே காற்று ஆரம்பித்தது. இங்கே ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆறு நாளில் நடு ஒரு சாண் இறங்கிவிட்டது, ராத்திரியெல்லாம் படபடவென்று அடிக்கிறது, கீழே படுத்தால் தூக்கம் இல்லை. தினமும் காலையில் போய் டர்ன்பக்கிளைத் திருகினேன். இப்போது இரண்டு மூலையில் திருக வழியே இல்லை, இரண்டு பக்க மரையும் நடுவில் முட்டிவிட்டன.

பெரிய டர்ன்பக்கிள் வாங்குவதா, கிளிப் இன்னும் இரண்டு சேர்ப்பதா? இதுதான் கேள்வி.

கீரைக்காரி
மாடித் தோட்டத்துக்கு என்றால் 50 சதவீத வலையே போதும் தம்பி, 75 போட்டால் தக்காளி காய்க்காது, கொடி மட்டும் நீளும். கீரைக்கு வேண்டுமானால் 75 சரி. நீங்கள் எந்த சதவீதம் வாங்கினீர்கள்?

உடுமலை_மாடி
அக்கா, தோட்டத்துக்கு இல்லை, உட்காருவதற்கு. வலை நன்றாகத்தான் இருக்கிறது, கட்டு நிற்கவில்லை.

இரும்புக்கடை_வாசல்
நான் 14 வருஷமாக ஹார்டுவேர் வியாபாரம். இது ரொம்ப சாதாரணம் நண்பரே, கிளிப் வழுக்குகிறது. ஒரு மூலைக்கு இரண்டு கிளிப் எந்த மூலைக்குப் போதும்? நாலு போடுங்கள். ஒன்றை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், அப்போது இரண்டு கம்பியையும் சமமாகப் பிடிக்கும். அப்புறம் காற்றுக்கு ஆடக்கூடாது என்றால் ரோப் கொஞ்சமும் தொய்யாத மாதிரி இழுத்துவிட வேண்டும். இன்னொன்று, கட்டின மறுநாள் கிளிப் நட்டை மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. செய்தீர்களா?

உடுமலை_மாடி
இல்லைங்க, நட்டைத் தொடவே இல்லை. டர்ன்பக்கிளை மட்டும்தான் திருகினேன்.

தூத்துக்குடி_ரிக்கர்
துறைமுகத்தில் 22 வருஷம் ரிக்கிங் வேலை பார்த்தவன். கடைக்காரர் சொன்னதில் கடைசி வரி நூற்றுக்கு நூறு சரி. சுமை ஏறினதும் ரோப் கொஞ்சம் மெலியும், கிளிப்பின் பிடி தளரும், அதனால் மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை நட்டை இறுக்கியே ஆக வேண்டும். ஆனால் மாற்றி மாற்றிப் போடுவது தப்பு, அதைச் செய்யாதீர்கள்.

கிளிப்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். யூ வடிவக் கம்பி ஒன்று, கீழே ஒரு கட்டை. கட்டையின் உள்பக்கம் ரோப்பின் முறுக்குக்கு ஏற்ற மாதிரி சாய்வாகப் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளம் ரோப்பை அணைத்துப் பிடிக்கும். யூ அப்படி இல்லை, அது வட்டக் கம்பி, இறுக்க இறுக்க ரோப்பைக் கடித்து நசுக்கும். அதனால் கட்டை சுமை இழுக்கும் கம்பியின் மேல் உட்கார வேண்டும், யூ மடக்கிவிட்ட வால் பக்கம் வர வேண்டும். வால் நசுங்கினால் ஒன்றும் நஷ்டமில்லை. சுமைக் கம்பி நசுங்கினால் அறுபடுவது அந்த இடத்தில்தான். எல்லாக் கிளிப்பும் ஒரே முகமாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 6 மி.மீ. ரோப்புக்கு அடித்துச் செய்த நல்ல கிளிப் இரண்டே போதும். வார்ப்புக் கிளிப் என்றால் மூன்று போடுங்கள். தப்பாகப் போட்டால் நாலும் வழுக்கும்.

ஆனால் தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம், எதையும் திருகவும் வேண்டாம். ஆறு நாளில் ஒரு சாண் இறங்கியது என்றால் எங்கேயோ ஒன்று விட்டுக்கொடுக்கிறது. அது கிளிப்பாக இருக்கலாம், டர்ன்பக்கிள் தானாகக் கழல்வதாக இருக்கலாம், துணி இழுபடுவதாக இருக்கலாம், நிறுத்திய பைப் சாய்வதாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் தினமும் திருகினீர்கள், அந்தத் திருகல் விட்டுக்கொடுக்கிற இடத்தை இன்னும் இழுத்தது.

ஒரு பெர்மனென்ட் மார்க்கர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் கிளிப்பின் வாயை ஒட்டி ரோப்பில் ஒரு கோடு, வால் மேலும் ஒரு கோடு. டர்ன்பக்கிள் உடம்பிலும் மரைத் தண்டிலும் சேர்த்து ஒரே நேராக ஒரு கோடு. பைப் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு அது தரையில் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. வலையில் வளையத்துக்கு வளையம் டேப் வைத்து அளந்து எழுதிவையுங்கள். இரண்டு நாள் காற்று அடிக்கட்டும், அப்புறம் வந்து சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மூலையையாவது கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள்.

பந்தல்_கம்பம்
எங்களுடையது கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். பந்தலில் கல்கால் ஊன்றி ஜி.ஐ. கம்பி இழுப்போம். அனுபவத்தில் சொல்கிறேன், நடுவில் நிற்கிற கல் எப்படி நின்றாலும் பரவாயில்லை, ஓரத்துக் கல்தான் பந்தலின் உயிர். ஓரக் கல்லை வெளிப்பக்கம் சாய்த்து ஊன்றி, அதன் தலையிலிருந்து ஸ்டே கம்பி இறக்கி, மண்ணுக்குள் ஆழமாகக் கல் புதைத்துக் கட்டுவோம். அது அசைந்தால் எத்தனை தடவை கம்பியை இழுத்தாலும் பந்தல் தொங்கும். உங்கள் பைப்புக்கு ஸ்டே இருக்கிறதா?

உடுமலை_மாடி
ஸ்டே இல்லைங்க. மாடியில் எங்கே கட்டுவது? கைப்பிடிச்சுவரைத் தாண்டினால் தெருதான். மார்க் எல்லாம் போட்டுவிட்டேன். இரண்டு நாளில் வருகிறேன்.

நெய்தல்
நடுவில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன், தனி இழை போட வேண்டாம் என்று நினைத்தேன். முற்றத்துக்குக் குறுக்கே 8 மீட்டருக்கு ஒரு ரோப் கட்டி அதில் திரை மாதிரி வலையை வளையத்தில் ஓடவிட்டிருக்கிறேன், வேண்டும்போது இழுத்துக்கொள்வோம். வலை நடுவில் 10 கிலோ வரும். ரோப் 20 செ.மீ. தொய்கிறது, பார்க்க நன்றாக இல்லை. டர்ன்பக்கிளைத் திருகி நேராக்கலாம் என்று பார்த்தால் கொஞ்ச தூரத்துக்கு மேல் ஸ்பேனருக்கு அசையவில்லை, சுவரில் ஐ போல்ட்டைச் சுற்றிப் பூச்சு உதிர்கிறது. ஏன் இவ்வளவு கனமாகிறது?

இரும்புக்கடை_வாசல்
மரையில் கிரீஸ் வையுங்கள், இரண்டு அடி நீள பைப்பை ஸ்பேனரில் செருகித் திருகுங்கள், போகும்.

தூத்துக்குடி_ரிக்கர்
போகும், சுவரோடு போகும். தயவு செய்து நிறுத்துங்கள் அம்மா.

கணக்கைப் பாருங்கள், இது சின்னக் கணக்குதான். நடுவில் தொங்கும் எடையை ரோப் நீளத்தால் பெருக்கி, தொய்வின் நாலு மடங்கால் வகுத்தால் ரோப்பில் இருக்கும் இழுவை கிடைக்கும். 10 கிலோ, 8 மீட்டர், தொய்வு 0.2 மீட்டர்: 80ஐ 0.8 ஆல் வகுத்தால் 100 கிலோ. இப்போதே உங்கள் ஐ போல்ட் 100 கிலோ தாங்கிக்கொண்டிருக்கிறது, தொங்குவது வெறும் 10 கிலோ. தொய்வை 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அதே 10 கிலோவுக்கு 400 கிலோ. முழு நேர்கோடாக்க எந்த இழுவையும் போதாது, கணக்கு முடிவில்லாமல் ஏறும்.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. 20 செ.மீ. தொய்ந்த ரோப்புக்கும் நேராக நிற்கிற ரோப்புக்கும் நீள வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 8 மீட்டருக்கு ஒரே ஒரு செ.மீ. தான். 12 மி.மீ. டர்ன்பக்கிளை ஒரு சுற்று திருகினால் இரண்டு பக்கமும் சேர்ந்து 3.5 மி.மீ. உள்ளே வரும். அப்படியானால் தொய்வை எடுக்க மூன்று சுற்றுக்கான நீளம்தான் தேவை. அதற்கு மேல் திருகுவதெல்லாம் ரோப்பையும் சுவரையும் இழுப்பதற்கே போகிறது. ஸ்பேனர் கனத்தது அதனால்தான்.

பூச்சு உதிர்கிறது என்றால் போல்ட் செங்கல்லில்தான் இருக்கிறது. நாலைந்து சுற்று தளர்த்தி விடுங்கள். கம்பி தொய்வது அழகுக் குறை இல்லை, 8 மீட்டருக்கு ஒரு சாண் தொய்வு நியாயமான தொய்வு. பார்வைக்கு உறுத்தினால் நடுவில் ஒரு தாங்குகால் கொடுங்கள், நீளம் பாதியானால் அதே தொய்வுக்கு இழுவையும் பாதியாகும், எடையும் இரண்டாகப் பிரியும்.

நெய்தல்
தளர்த்திவிட்டேன். நன்றி ஐயா. சுவரில் போட்டது சாதா ராவல் பிளக்தான், கொத்தனார் அதுவே போதும் என்றார். வேறு இடம் பார்க்கிறேன். கடலோரம் என்பதால் எஸ்.எஸ். டர்ன்பக்கிள் போட்டேன், தளர்த்தும்போது ஒரு பக்கம் அப்படியே பிடித்துக்கொண்டது, எவ்வளவு எண்ணெய் விட்டாலும் வரவில்லை.

தூத்துக்குடி_ரிக்கர்
எஸ்.எஸ். மரையின் குணம் அது. இரண்டு எஸ்.எஸ். பரப்பு சுமையோடு உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வெல்டு வைத்த மாதிரி. புதிதாக வாங்கினவுடனே மரையில் ஆன்ட்டி சீஸ் பசை தடவ வேண்டும், கிடைக்காவிட்டால் கெட்டி கிரீஸ். திருகும்போது மெதுவாகத் திருக வேண்டும். ஒட்டிக்கொண்டதை வெட்டித்தான் எடுக்க முடியும்.

உடுமலை_மாடி
இரண்டு நாளைக்கு மூன்று நாள் விட்டேன். நேற்று ராத்திரி நல்ல காற்று. இன்று காலை பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

படிக்கட்டு அறை வலது மூலை: கிளிப் வாயை ஒட்டிப் போட்ட கோடு கிளிப்பை விட்டு 4 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. வால் பக்கக் கோடு கிளிப்புக்குள்ளே போய் மறைந்துவிட்டது. கோட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவே பிளாஸ்டிக் உரிந்து உள்ளே கம்பி பளபளவென்று புதிதாகத் தெரிகிறது.

இடது மூலை: கிளிப் அசையவில்லை. ஆனால் டர்ன்பக்கிளில் உடம்புக் கோடும் தண்டுக் கோடும் நேராக இல்லை, முக்கால் சுற்று கழன்றிருக்கிறது.

பைப் மூலைகள்: தெருப்பக்கப் பைப்பில் தூக்குக்குண்டு பழைய புள்ளியை விட்டு 11 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கிறது. மற்ற பைப்பில் 3 மி.மீ. வலை அளவு கிட்டத்தட்ட அப்படியே, டேப்பில் ஒரு செ.மீ. கூட வித்தியாசம் இல்லை.

தூத்துக்குடி_ரிக்கர்
பிளாஸ்டிக் உரிந்திருக்கிறது என்றா எழுதினீர்கள்? ரோப் பி.வி.சி. உறை போட்டதா?

உடுமலை_மாடி
ஆமாம் ஐயா, பச்சை உறை. துரு பிடிக்காது என்று கடையில் கொடுத்தார்கள். 6 மி.மீ. என்றுதான் சொன்னார்கள்.

தூத்துக்குடி_ரிக்கர்
வாலின் முனையில் உறையை ஒரு அங்குலம் பிளேடால் சீவி, கம்பியை மட்டும் வெர்னியரில் அளந்து சொல்லுங்கள்.

உடுமலை_மாடி
4 மி.மீ. இருக்கிறது! 6 என்பது உறையோடு சேர்த்து.

தூத்துக்குடி_ரிக்கர்
நினைத்தேன். இது துணி காயப்போடுகிற கொடிக்கம்பி. இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 6 மி.மீ. ரோப்பில் பாதிகூட இல்லை, பலமும் அந்த அளவுக்குக் குறைவு. அதைவிட முக்கியம், உங்கள் 6 மி.மீ. கிளிப் இரும்பைப் பிடிக்கவே இல்லை, பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக் இறுக்கும்போது கெட்டியாக இருக்கிற மாதிரி தெரியும், வெயிலில் சூடானதும் மெல்ல நழுவிக் கொடுத்துவிடும். மறுநாள் நட்டை இறுக்கினால் இன்னும் கொஞ்சம் நழுவும். உறையை உரித்துவிட்டு அதே கிளிப்பைப் போடவும் முடியாது, 4 மி.மீ. கம்பிக்கு 6 மி.மீ. கிளிப் பிடிக்காது.

நாலு மூலை ரோப்பையும் மாற்றுங்கள். உறை இல்லாத 6 மி.மீ. ஜி.ஐ. ரோப், எஸ்.எஸ். முடிந்தால் இன்னும் நல்லது. அறுபடும் பலம் ஏறத்தாழ 2 டன் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நம்ப வேண்டாம், கிளிப் முடிச்சுக்கு அதிலும் ஐந்தில் ஒரு பங்கு கழித்துவிடுங்கள், மூலைக்கு 320 கிலோ கணக்கு. கண்ணியில் திம்பிள் கட்டாயம், திம்பிள் இல்லாமல் மடக்கினால் வளையத்தின் ஓரத்தில் ரோப் ஒடியும்.

கட்டும் முறை இப்படி. வாலை திம்பிளிலிருந்து 12 செ.மீ.க்குக் குறையாமல் மடக்குங்கள். முதல் கிளிப்பை வாலின் நுனியை ஒட்டி, கட்டை அகலம் அளவு விட்டு, முழுசாக இறுக்கிவிடுங்கள். இரண்டாவது திம்பிளை ஒட்டி, நட்டை விரலால் திருகி நிறுத்துங்கள். இப்போது ரோப்பை இழுத்து நடுவில் இருக்கிற தளர்வை எடுத்துவிட்டு அப்புறம் இரண்டாவதை இறுக்குங்கள். இரண்டு நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள்: நல்ல 6 மி.மீ. கிளிப்புக்கு, 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடை தொங்குகிற அளவு அழுத்தம். வார்ப்புக் கிளிப்பில் அந்த அளவு வைத்தால் சில சமயம் மரை வழித்துக்கொள்ளும், அது நடந்தால் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரும்புக்கடை_வாசல்
உறை போட்ட ரோப் விற்கும்போது உள்ளே எவ்வளவு என்று நான் வாடிக்கையாளரிடம் சொல்வேன். எல்லாக் கடையிலும் சொல்வதில்லை, அது உண்மை. கிளிப் முகம் பற்றி நீங்கள் சொன்னதை இன்று கடையில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், பள்ளம் சாய்வாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கவனித்ததில்லை. ஆனால் மாற்றிப் போட்டு பத்து வருஷம் நிற்கிற கட்டும் என் ஊரில் இருக்கிறது.

தூத்துக்குடி_ரிக்கர்
சுமை குறைவாக இருந்தால் நிற்கும் அண்ணாச்சி. அதைக் காற்று சோதிக்காத வரைக்கும்.

அந்த இடது மூலைக்கு வருகிறேன். டர்ன்பக்கிள் கழன்றது படபடப்பினால். ஒவ்வொரு அடியிலும் ஒரு மயிரிழை திரும்பும். செக் நட் இருந்தால் இறுக்குங்கள், ஒரு பக்கம் இடது மரை என்பதால் அந்தப் பக்க நட் எதிர்த்திசையில் திரும்பும். நட்டை மட்டும் நம்பாமல், உடம்பின் நடு ஓட்டை வழியாக ஒரு கட்டுக்கம்பியை விட்டு இரண்டு முனை வளையங்களிலும் கோத்து முறுக்கிவிடுங்கள். அப்புறம் அது திரும்ப வழியே இல்லை. கொக்கி டர்ன்பக்கிளும் வேண்டாம், வலை ஒரு நொடி தளர்ந்தால் கொக்கி வளையத்தை விட்டுக் குதித்துவிடும், பலம் கூடினால் வாய் விரியும். இரண்டு பக்கமும் கண் வைத்ததை வாங்கி டி ஷேக்கிள் போடுங்கள்.

மரை முட்டினது வேறு தவறு. டர்ன்பக்கிள் தொய்வை எடுக்கிற கருவி இல்லை, கடைசி விறைப்பைக் கொடுக்கிற கருவி. கட்டுவதற்கு முன்பு அதை முழுக்கத் திறந்து வையுங்கள், உடம்புக்குள் மரை நுனி கண்ணுக்குத் தெரிகிற அளவு மட்டும் பிடி விட்டு. ரோப்பைக் கையால், முடிந்தால் ஒரு சின்ன ராட்செட் புல்லரால் இழுத்து, கிளிப் இறுக்கி முடித்துவிட்டு, அப்புறம் டர்ன்பக்கிள். நாலு மூலையையும் எதிரெதிராக, ஒன்றுக்கு மூன்று சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

பைப் சாய்ந்த விஷயம்தான் எனக்கு நெருடுகிறது. கைப்பிடிச்சுவரின் அடியில், தளத்தோடு சேர்கிற இடத்தில், உட்கார்ந்து பாருங்கள்.

உடுமலை_மாடி
பார்த்தேன். தெருப்பக்கப் பைப்புக்கு நேர் கீழே, சுவரின் வெளிமுகத்தில், தளத்தோடு சேரும் இடத்தில் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல், இரண்டு பக்கமும் நாலடி நாலடி ஓடுகிறது. ஏடிஎம் கார்டின் ஓரம் உள்ளே போகிறது. முன்பு இருந்ததா என்று தெரியவில்லை.

கட்டுமானம்47
சிவில் இன்ஜினியர். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்றே அந்த இரண்டு மூலையையும் கழற்றுங்கள். சுவர் நாலரை அங்குலம், மூன்றடி உயரம், சரியா? அப்படியானால் ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை சுமார் 200 கிலோ. அந்த எடையை வைத்து அது கவிழாமல் நிற்கும் திறன் வெறும் 11 கிலோகிராம்-மீட்டர். உங்கள் பைப் உச்சி தரையிலிருந்து 2.1 மீட்டரில் இருக்கிறது. அங்கே 100 கிலோ இழுத்தால் அடியில் 210 கிலோகிராம்-மீட்டர். பக்கத்தில் மூன்று மீட்டர் சுவர் சேர்ந்து நின்றாலும் 35ஐத் தாண்டாது. மிச்சத்தை இதுவரை தாங்கியது சிமென்ட் ஒட்டு மட்டும், அதுதான் இப்போது விட்டிருக்கிறது.

வலை இழுக்கும்போது சுவர் உங்கள் பக்கம் சாயும். காற்று அடியிலிருந்து தூக்கித் திடீரென்று விட்டால் எந்தப் பக்கமும் போகலாம், கீழே தெரு.

காற்றின் கணக்கும் சொல்கிறேன். மணிக்கு 54 கி.மீ. காற்றுக்கு சதுர மீட்டருக்கு 14 கிலோ அழுத்தம் வரும். உங்கள் 20 சதுர மீட்டருக்கு 280 கிலோ. வலையில் கொஞ்சம் காற்று ஊடுருவிப் போகும், அதனால் அந்த அளவு முழுசாக வராது, ஆனால் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை கோவைப் பக்கத்துக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. அந்த வேகத்துக்கு எந்த மாடி வலையையும் விட்டுவைக்கக் கூடாது, கழற்றிவிட வேண்டும்.

உடுமலை_மாடி
கழற்றிவிட்டோம். கழற்றினதும் பைப் பின்னால் போய் நின்றது, தூக்குக்குண்டில் தெரிந்தது. அம்மா அந்தச் சுவர் ஓரமாகத்தான் வடகம் பிழிய உட்காருவார். கை நடுங்குகிறது.

சுவரை முதலில் சரிசெய்கிறேன். அப்புறம் அந்த இரண்டு மூலையை எங்கே கட்டுவது?

கட்டுமானம்47
விரிசல் விட்ட பகுதியை இடித்துக் கட்டுங்கள், பூசி மறைக்காதீர்கள். பைப்பைக் கைப்பிடிச்சுவரை நம்பி நிறுத்தவே வேண்டாம். மாடியில் மேல்தளத்துக்கு விட்ட காலம் கம்பிகள், அதாவது தூண் கம்பிகள், மூலையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அதோடு சேர்த்து ஒரு குட்டைக் கான்கிரீட் தூண் எழுப்பி அதில் கட்டலாம், அதைவிட நல்ல இடம் கிடையாது. இல்லாவிட்டால் பைப்பைச் சுவரின் வெளிப்பக்கமாக இறக்கி, கூரை பீமின் முகத்தில் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு இடத்தில் கெமிக்கல் ஆங்கர் போட்டுப் பிடிக்க வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் அந்த இரண்டு மூலையின் உயரத்தையும் 7 அடியிலிருந்து நாலடிக்கு இறக்குங்கள், நெம்புகோல் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

தூத்துக்குடி_ரிக்கர்
இடத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி ஐயா, நான் அதில் தலையிடவில்லை. இரண்டு பைப் மூலையையும் ஒன்றாக இறக்குவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நாலு மூலையும் ஒரே தளத்தில் இருந்தால், சாய்வான தளமாக இருந்தாலும், வலை பாய் மாதிரி படபடக்கும். ஒரு மூலை மேலே, அடுத்தது கீழே, அதற்கடுத்தது மேலே என்று முறுக்கிக் கட்டினால் ஒரு திசை மேல்நோக்கியும் மறு திசை கீழ்நோக்கியும் இழுத்துக்கொண்டு துணி தானாக விறைக்கும். குறைந்த இழுவையிலேயே அடங்கி நிற்கும். படபடப்பு போனால் டர்ன்பக்கிளும் கழலாது. அதற்கு ஒரு பைப் மூலையாவது உயரமாக இருந்தாக வேண்டும்.

கட்டுமானம்47
முறுக்கிக் கட்டுவது நல்ல வடிவம், மறுக்கவில்லை. உயரமான அந்த ஒரு மூலையின் இழுவை எங்கே போய் இறங்கும் என்பதுதான் என் கேள்வி. காலம் கம்பி இருந்தால் ஒன்றை 8 அடிக்குக் கொண்டுபோகலாம். இல்லையென்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், படபடத்தாலும் தாழ்வாகவே இருக்கட்டும்.

பந்தல்_கம்பம்
இரண்டு பெரியவர்களும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஓரக் கல் உறுதியாக இல்லாத இடத்தில் நாங்கள் பந்தலையே சின்னதாக்கிவிடுவோம். 5க்கு 4 என்பதை விட்டுவிட்டு, மூன்று மூலை வலை ஒன்று வாங்கி, இரண்டு மூலை படிக்கட்டு அறையில், ஒரே ஒரு மூலை காலத்தில் என்று கட்டினால் என்ன? நிழல் பாதிதான். ஆனால் உறுதியான இடம் ஒன்று போதும்.

உடுமலை_மாடி
காலம் கம்பி தெருப்பக்க மூலையில் மட்டும் இருக்கிறது, நாலு கம்பி, ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு, துரு ஏறியிருக்கிறது. வீட்டுப் பின்பக்க மூலையில் வெட்டிவிட்டார்கள். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், துருவைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தூண் எழுப்பலாமா என்று அவரும் ஒரு இன்ஜினியரும் சேர்ந்து சொல்வார்கள். அந்த மூலை உயரமாக வந்தால், அதற்கு எதிர்மூலையான படிக்கட்டு அறை இடது மூலையும் 8 அடியிலேயே இருக்கும், வலது மூலை ஐ போல்ட்டை 5 அடிக்கு இறக்கிவிடலாம், பின்பக்க மூலை பீம் முகத்தில் தாழ்வாக. மூன்று மூலை வலையும் யோசனையில் இருக்கிறது.

ரோப், திம்பிள், ஷேக்கிள் வாங்கியாகிவிட்டது. படிக்கட்டு அறைச் சுவரில் ஐ போல்ட் எதில் நிற்கிறது என்று இப்போதுதான் சந்தேகம் வருகிறது. இடது மூலை லின்டல் பீமில் விழுகிறது. வலது மூலை செங்கல்லில்தான் என்று நினைக்கிறேன், தட்டினால் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது.

கட்டுமானம்47
வலது மூலையை 5 அடிக்கு இறக்கினால் கண்டிப்பாகச் செங்கல்தான். சுவரைத் துளைத்து, பின்பக்கம் ஒரு சாண் சதுர இரும்புத் தகடு வைத்து, போல்ட்டை ஊடுருவவிட்டு நட் போடுங்கள். ஞாயிறு மேஸ்திரி சொன்னதை எழுதுங்கள், கம்பி துருவின் படத்தோடு.

நெய்தல்
நானும் என் முற்றத்துச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.